சேஃப்டி ஷூவும் குழி விழுந்த உள்ளங்காலும்: நான் சரிசெய்த விதம்

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து ஷூவைக் கழற்றினால், பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். குதிகாலும் முன்பாதமும் வெள்ளை வெளேரென்று ஊறிப்போய், ஊசியால் குத்தியதுபோல் குழிகள். சேற்றுப்புண் என்று நினைத்து இரண்டு மாதம் பூஞ்சைக் களிம்பு தடவினேன். பலனில்லை.

தோல் மருத்துவர் பார்த்ததும் சொன்ன பெயர் 'பிட்டட் கெரடோலிசிஸ்'. இது பாக்டீரியா வேலை. ஈரத்தில் ஊறிய தோலின் மேலடுக்கை அது கரைத்துத் தின்பதால்தான் குழி. அப்போது வெளிவரும் கந்தகச் சேர்மங்கள்தான் நாற்றம்.

முதலில் அடையாளம். சேற்றுப்புண் பெரும்பாலும் விரலிடுக்கில் வரும், அரிக்கும், தோல் உரியும். இது எடை தாங்கும் இடங்களில் வரும், அரிப்பு அதிகம் இருக்காது. குழி தெரியவில்லையா? காலைப் பத்து நிமிடம் தண்ணீரில் வைத்துவிட்டுப் பாருங்கள். பளிச்சென்று தெரியும்.

அப்புறம் மருந்து. எனக்கு எழுதிக் கொடுத்தது கிளிண்டாமைசின் 1% ஜெல், காலையும் இரவும். மூன்றாம் நாளே நாற்றம் குறைந்தது. குழிகள் மூடச் சுமார் மூன்று வாரம் ஆனது. சிலருக்குப் பென்சாயில் பெராக்சைடு கொடுப்பார்கள். அது துண்டையும் சாக்ஸையும் வெளுக்க வைத்துவிடும், பழையதைப் பயன்படுத்துங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வாங்காதீர்கள்.

நான் சறுக்கியது வியர்வையில். அதற்கு அலுமினியம் குளோரைடு 20% கரைசல் தந்திருந்தார்கள். குளித்த கையோடு தடவினேன். கால் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. ஈரம் பட்டால் அது அமிலத்தை உண்டாக்குகிறது, எரிச்சலுக்கு அதுதான் காரணம். இரவு படுக்கும்முன், கால் முழுக்கக் காய்ந்த பிறகு தடவ வேண்டும்; காலையில் கழுவிவிட வேண்டும். விரிசல், புண் இருந்தால் அது ஆறும்வரை தொடவே கூடாது. நான் மின்விசிறிக்கு நேரே கால் நீட்டி இருபது நிமிடம் உட்கார்ந்து காயவைப்பேன். வியர்வை குறைந்ததும் வாரம் ஓரிரு முறை போதும் என்றார் மருத்துவர்.

ஷூவை விட்டுவிட்டால் எல்லாம் வீண். இரண்டு ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன், உள்ளே இருக்கும் அட்டையை உருவித் தனியாகக் காயவைக்கிறேன். பருத்தி சாக்ஸ்தான் நல்லது என்பார்கள். என் அனுபவத்தில் அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கிறது. ஈரத்தை வெளியே தள்ளும் விளையாட்டு சாக்ஸ் தேவலை. எதுவானாலும் மதிய உணவு இடைவேளையில் மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: சரியாகி இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டதாகச் சிலர் கருத்துப் பெட்டியில் எழுதினார்கள். விசாரித்தால் எல்லாரும் தினமும் ஒரே ஜோடி ஷூவையே போட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கேட்டிருந்தீர்கள்: நீங்கள் வீட்டில் எதையும் முயலாமல் காலை நேரே மருத்துவரிடம் காட்டுங்கள்.