ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மட்டும் கீபோர்டு திக்குகிறதா?

அக்கா வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை செய்கிறார். மடிக்கணினியின் வலப்பக்கத்தில் ஒயர்லெஸ் கீபோர்டின் டாங்கிள், அதை ஒட்டியே அடுத்த துளையில் வெளி ஹார்ட் டிஸ்க். சாயங்காலம் பேக்கப் ஓடவிட்டு மிச்சம் இருக்கும் பில்களைப் பதிவு செய்வார். அந்த நேரத்தில் மட்டும் 1500 என்று அடித்தால் 150 விழும், சில சமயம் 150000000 என்று ஓடும். பேட்டரியை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. புதுக் கீபோர்டு வாங்கப் போகிறேன் என்று போன் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கீபோர்டில் பழுது இல்லை. கோளாறு டாங்கிளுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் நடுவில் இருந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில்தான். உங்களுக்கும் அப்படித்தானா என்று கண்டுபிடிக்கும் வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது

டாங்கிள், புளூடூத், பழைய வகை வைஃபை மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 கருவி, அதாவது பெரும்பாலும் நீல நிறத் துளையில் செருகும் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் போன்றவை, விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும். அந்த வேகத்தில் ஓடும் மின்குறிகள் கேபிளிலும் இணைப்பியிலும் இருந்து ரேடியோ இரைச்சலாகக் கசிகின்றன, அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இலேயே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. டாங்கிளின் குட்டி ஆன்டெனா அந்த இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அரை மீட்டர் தள்ளியிருக்கும் கீபோர்டின் மெல்லிய குரலைக் கேட்க வேண்டியிருக்கிறது.

விசையை அழுத்தினேன் என்ற தகவல் தொலைந்தால் எழுத்து விழாது. விசையை விட்டுவிட்டேன் என்ற தகவல் வராமல் தாமதமானால், விரல் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாகக் கணினி நினைத்து அதே எழுத்தை அடித்துக்கொண்டே போகும். அக்காவின் பூஜ்யங்கள் பெருகியது அதனால்தான்.

முதல் படி: எப்போது திக்குகிறது என்று பாருங்கள்

நோட்பேடைத் திறந்து ஒரே வரியைப் பத்து முறை அடியுங்கள். கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும்போது முதல் ஓரிரு எழுத்து மட்டும் விழாமல் போனால் அது இரைச்சல் அல்ல, கீபோர்டு தூங்கி எழுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம். நடு வார்த்தையில் எழுத்து காணாமல் போனாலோ, திரும்பத் திரும்ப விழுந்தாலோ மேலே படியுங்கள். பேட்டரியை ஒரு முறை மாற்றிப் பார்த்துவிடுங்கள், அந்தச் சந்தேகம் தீரட்டும்.

இரண்டாம் படி: கீபோர்டை டாங்கிளுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்

ஹார்ட் டிஸ்கில் ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்ய விட்டு, அது ஓடும்போதே கீபோர்டைத் தூக்கி டாங்கிளிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் வைத்து அடித்துப் பாருங்கள். தூரம் குறைந்ததும் சரியாக அடித்தால், குரல் இரைச்சலில் அமுங்கியிருந்தது என்று அர்த்தம். ஒட்டி வைத்தும் திக்கினால் சந்தேகம் கீபோர்டின் மேலோ கணினியின் மேலோ திரும்ப வேண்டும்.

மூன்றாம் படி: ஹார்ட் டிஸ்கை மெதுவாக ஓட வையுங்கள்

கணினியில் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 துளை இருந்தால் ஹார்ட் டிஸ்கை அதில் செருகிக் காப்பி செய்யுங்கள். வேகம் நன்றாகக் குறையும். கீபோர்டு திக்குவதும் நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் யூஎஸ்பி 2.0 அந்த 5 ஜிகாபிட் பாதையைத் தொடுவதே இல்லை. இது சோதனைக்கு மட்டும்தான். தினமும் இப்படிக் காப்பி செய்துகொண்டிருக்க முடியாது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. டாங்கிளை யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். இரைச்சல் காற்றில் வருகிறது. இரண்டு துளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எந்தப் பலனும் இருக்காது. மாற்ற வேண்டியது தூரத்தை.

நான்காம் படி: டாங்கிளைத் தள்ளி வையுங்கள்

ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்கள். டாங்கிளுக்கு 3.0 கேபிள் தேவையில்லை. டாங்கிளை அதன் முனையில் மாட்டி, ஹார்ட் டிஸ்கிலிருந்தும் அதன் கேபிளிலிருந்தும் விலக்கி, கீபோர்டுக்கு நேராகத் தெரியும்படி மேசை மேல் வைத்துவிடுங்கள். இரைச்சலிலிருந்து விலகுவது ஒரு பலன், கீபோர்டுக்கு நெருங்குவது இன்னொரு பலன். மேசைக் கணினி என்றால் இது இன்னும் முக்கியம். பெட்டியின் பின்பக்கம் மாட்டிய டாங்கிளுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் முழு இரும்புப் பெட்டி நிற்கிறது.

அக்காவுக்கு இந்தக் கேபிளே போதுமானதாக இருந்தது. பேக்கப் ஓடும்போதே ஐம்பது பில் பதிவு செய்து பார்த்தார், ஒரு பூஜ்யம்கூடத் தவறவில்லை.

அப்படியானால் புளூடூத்துக்கு மாறலாமா?

புளூடூத் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவித் தாவிப் பேசும், நெரிசலான இடங்களைத் தானே தவிர்க்கும். வைஃபை ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் பிடித்துக்கொள்வதால் அதனிடமிருந்து தப்ப இந்தத் தாவல் உதவும். ஆனால் யூஎஸ்பி 3.0 இரைச்சல் அந்த வரிசை முழுவதும் படர்ந்திருக்கிறது, தாவிப் போக வேறு இடம் இல்லை. புளூடூத்தை உண்மையில் காப்பாற்றுவது ஆன்டெனா இருக்கும் இடம். பெரும்பாலான மடிக்கணினிகளில் அது திரைச் சட்டத்துக்குள், துளைகளிலிருந்து தள்ளி இருக்கும். மேசைக் கணினியில் செருகும் சின்ன புளூடூத் அடாப்டர் என்றால் அது டாங்கிள் படும் பாட்டையே படும்.

புளூடூத்துக்கு வேறொரு தொல்லை உண்டு. மடிக்கணினியில் வைஃபையும் அதுவும் பெரும்பாலும் ஒரே கார்டில் இருக்கின்றன. வைஃபை 2.4-இல் இருந்தால் இரண்டும் முறை போட்டுக்கொண்டுதான் பேச முடியும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
netsh wlan show interfaces
```

Channel என்ற வரியில் 1 முதல் 13 வரை ஓர் எண் இருந்தால், பொதுவாக நீங்கள் 2.4-இல் இருக்கிறீர்கள். 36 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 என்று வந்து, உங்கள் ரௌட்டர் இரண்டையும் தருவதாக இருந்தால், 5-க்கு மாறிய பிறகு புளூடூத்தைச் சோதியுங்கள். மாறாமல் சோதித்துவிட்டு புளூடூத் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள்.

நான் சொல்வது இதுதான். மடிக்கணினி, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, துளைகள் குறைவு, போனிலும் டேப்லெட்டிலும் அதே கீபோர்டு வேண்டும் என்றால் புளூடூத் எடுங்கள். மேசைக் கணினி என்றாலோ, வைஃபை 2.4 மட்டும்தான் என்றாலோ, டாங்கிளும் ஒரு கேபிளும் போதும். இரண்டு வசதியும் உள்ள கீபோர்டு வாங்கினால் அடியில் இருக்கும் பொத்தானைத் தள்ளி மாற்றிக்கொள்ளலாம்.

புளூடூத்துக்கே மாறினாலும் டாங்கிளைத் தொலைத்துவிடாதீர்கள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் திரையில் பெரும்பாலான கணினிகளில் புளூடூத் கீபோர்டு வேலை செய்யாது, டாங்கிள் செய்யும். பேட்டரி மூடிக்குள் அதற்கென்று ஒரு குழி இருக்கிறதா பாருங்கள். பல கீபோர்டுகளில் இருக்கும்.