திரும்பும் இடத்தில் தொலையும் கவனம்

உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடமே கால் பரபரக்கும் எனக்கு. அதனால்தான் நடைத் தியானத்துக்கு வந்தேன். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாதோ (1904–1982) கற்றுக்கொடுத்த முறையில் நடைக்கும் அமர்வுக்கும் சம இடம் உண்டு.

பலரும் செய்யும் முதல் தவறு, எடுத்த எடுப்பிலேயே ஆமை வேகத்தில் நடப்பது. மெதுவாக நடந்தால் ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடுகிறது. உடம்பு தள்ளாடுகிறது. விழாமல் இருப்பதற்கே கவனம் முழுவதும் செலவாகிவிடுகிறது. நான் மொட்டை மாடியில் பதினைந்து அடி வைக்கும் தூரத்தில் நடக்கிறேன். முதல் பத்து நிமிடம் வழக்கமான வேகம்தான். 'இடது, வலது' என்று மட்டும் மனதுக்குள் குறித்துக்கொள்வேன். பிறகு வேகம் குறைத்து 'தூக்குதல், வைத்தல்'. மனம் அடங்கிய பின்பே 'தூக்குதல், நகர்த்துதல், வைத்தல்'. அடியைச் சிறிதாக வைத்தால் தள்ளாட்டம் பெருமளவு குறையும்.

அடுத்தது, இந்தச் சொற்களை மந்திரம்போல் உருப்போடுவது. கால் இன்னும் அந்தரத்தில் இருக்கும்போதே மனம் 'வைத்தல்' என்று சொல்லிவிட்டால், சொல் தனியாக ஓடுகிறது என்று பொருள். உடனே சொல்லை விட்டுவிட்டுப் பாதத்துக்கு வாருங்கள். குதிகால் தரையை விட்டு எழுகிறது. எடை மற்றக் காலுக்கு மாறி அதன் தசை இறுகுகிறது. தூக்கிய கால் லேசாகிறது. இறங்கியதும் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் பரவுகிறது. கவனிக்க வேண்டியது இதைத்தான். காலைக் கண்ணால் பார்க்க வேண்டாம், கழுத்துதான் வலிக்கும். பார்வை ஐந்தாறு அடி முன்னால் தரையில் இருக்கட்டும்.

எனக்கு நெடுநாள் பிடிபடாத தவறு ஒன்று உண்டு. பதினைந்து அடியும் ஒழுங்காக நடப்பேன். திரும்பி இரண்டு அடி வைத்ததும் வீட்டு வாடகைக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கும். கவனித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, திரும்புவதை நான் நடையில் சேர்க்கவே இல்லை. பாதை முடிந்ததும் 'ஒரு சுற்று ஆயிற்று' என்று மனம் அவிழ்ந்துவிடுகிறது. இப்போது கடைசி அடியில் இரு பாதங்களையும் சேர்த்து நிற்கிறேன். 'நிற்கிறேன்' என்று குறித்து, இரு உள்ளங்காலிலும் எடை இறங்குவதை உணர்கிறேன். பிறகு 'திரும்புகிறேன்' என்றபடி மூன்று நான்கு சிறு அடிகளில் திரும்பி, மீண்டும் நின்று, அதன் பிறகே முதல் அடி. இந்த மாற்றத்துக்குப் பின் வாடகைக் கணக்கு வருவது வெகுவாகக் குறைந்தது. வந்தாலும் நின்று, 'நினைக்கிறேன்' என்று குறித்துவிட்டுத் தொடர்கிறேன்.

வெறியோடு நடப்பதும் தவறுதான். துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் பௌத்த விநய நூலில் சோணன் என்ற துறவியின் கதை வருகிறது. நடந்து நடந்து அவர் பாதம் வெடித்து, பாதையில் ரத்தம் படிந்தது. வீணை வாசிக்கத் தெரிந்த அவரிடம், நரம்பை அதிகமாக முறுக்கினால் இசை வருமா என்று புத்தர் கேட்டார். தொடங்குபவர்களுக்கு இருபது நிமிடம் போதும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. செருப்போடு, கை எட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி நடக்கலாம். உள்ளங்கால் உணராவிட்டாலும் முழங்கால் மடங்கி நிமிர்வதை உணர முடியும், கவனத்தை அங்கே வைக்கலாம்.