சுற்றுலா பேக்கேஜ் விதிமுறைகள்: முன்பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய இடங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பதியர் மே 20ஆம் தேதி ஐரோப்பிய சுற்றுலாவுக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டரை லட்சம் வீதம் மொத்தம் 5 லட்சம் ரூபாய். முன்பணம் 1 லட்சம். "விசாவெல்லாம் அவங்களே வாங்கிக் குடுத்துருவாங்களாமுங்க" என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம். விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, முழு விதிமுறைகளையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்குவதுதான் முதல் வேலை.

அதில் முதலில் 'விசா அசிஸ்டன்ஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். படிவம் நிரப்புவது, ஆவணங்களைச் சரிபார்ப்பது, நேர்காணல் தேதி பிடித்துத் தருவது ஆகியவை மட்டுமே அந்தச் சொல்லில் அடங்கும். விசா தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு. மறுத்தாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. அதற்குப் பக்கத்திலேயே, விசா மறுக்கப்பட்டால் அது பயணி தாமாக ரத்து செய்ததாகவே கொள்ளப்படும் என்றொரு வரி பெரும்பாலும் இருக்கும். பணம் போவது இந்த வரியால்தான்.

அடுத்து, ரத்துக் கட்டண அட்டவணையையும் காலண்டரையும் அருகருகே வையுங்கள். நம் தம்பதியரின் அட்டவணை இப்படி இருக்கிறது எனக் கொள்வோம்: புறப்பாட்டுக்கு 60 நாளுக்கு மேல் இருந்தால் முன்பணம் மட்டும் போகும், 60 முதல் 31 நாள் வரை பாதி, 30 முதல் 16 நாள் வரை முக்கால் பங்கு, அதற்குள் என்றால் முழுத்தொகை. இந்தப் பங்கு நீங்கள் இதுவரை கட்டிய பணத்திலா, மொத்த விலையிலா என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் மொத்த விலையில்தான் கணக்கிடுகிறார்கள்.

பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்கு வழக்கமாக 15 நாளில் முடிவு தெரியும். சில விண்ணப்பங்களுக்கு அது 45 நாள் வரை நீளலாம். ஏப்ரல் 6ஆம் தேதி விண்ணப்பித்து 21ஆம் தேதி மறுப்பு வந்தால், புறப்பாட்டுக்கு 29 நாளே இருக்கும். ஆக 3,75,000 ரூபாய் போய்விடும். 45 நாள் இழுத்தால் முடிவு வருவது மே 21, அதாவது விமானம் போன மறுநாள். அதே விண்ணப்பத்தை மார்ச் 1ஆம் தேதி கொடுத்து 16ஆம் தேதி மறுப்பு வந்தால், 65 நாள் மிச்சமிருப்பதால் 1 லட்சத்தோடு நஷ்டம் நின்றுவிடும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், எந்தத் தேதிக்குள் விண்ணப்பம் போகும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். அவர்கள் தாமதித்ததால் ரத்துக் கட்டணம் அட்டவணையின் அடுத்த படிக்கு ஏறினால், அந்தக் கூடுதல் தொகையை அவர்களே ஏற்பதாக ஒரு வரியும் கேளுங்கள். தயங்கினால் அதுவே ஒரு தகவல்தான்.

'காப்பீடு உட்பட' என்ற வரியைப் பார்த்து இந்த நஷ்டத்தைக் காப்பீடு தரும் என்று நினைக்க வேண்டாம். ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கட்டாயம். பேக்கேஜில் சேர்ப்பது பெரும்பாலும் அந்த நிபந்தனையை நிறைவேற்றும் பாலிசியே. பயண ரத்துக்கான பிரிவு அதில் இருந்தாலும், எந்தக் காரணங்களுக்குப் பணம் தருவார்கள் என்று பட்டியலிட்டிருப்பார்கள். குடும்பத்தில் மரணம், மருத்துவமனையில் சேர்ப்பு போன்றவை இருக்கும், விசா மறுப்பு பொதுவாக இராது. ஆகவே பாலிசித் தாளையே கேட்டு வாங்கி அந்தப் பட்டியலையும், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பத்தியையும் படியுங்கள். மாத்திரை சாப்பிடுவதை மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

கடைசியாகப் பொறுப்பு பற்றிய பத்தி. 'நாங்கள் முகவர்கள் மட்டுமே' என்றால், விமானம் தாமதமாவது, ஓட்டலில் சேவை குறைவது போன்றவற்றுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொல்கிறார்கள். வேறொருவரின் தவறையும் அவர்களுடைய சொந்தத் தவறையும் பிரித்துப் பாருங்கள்: டிக்கெட்டில் பெயரைத் தவறாகப் போட்டதும், அறையையே பதிவு செய்யாமல் விட்டதும் அவர்களுடைய வேலையில் நேர்ந்த குறை, அந்த வரியைக் காட்டி அதிலிருந்து எளிதில் நழுவ முடியாது.

வழக்கு மும்பை நீதிமன்றத்தில் மட்டுமே என்று எழுதியிருந்தாலும் மலைக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க வழி தருகிறது. ஆகவே கோபிக்காரர் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே கையில் இருக்க வேண்டியவை: முழு விதிமுறைகள், விண்ணப்பத் தேதியைக் குறிப்பிட்ட மின்னஞ்சல், மறுப்புக் கடிதம், பணம் கட்டிய ரசீது.