மலைப்பாதை ஏற எத்தனை மணி நேரம்? ஏறு வேகக் கணக்கில் வரும் தவறுகள்

திருகோணமலையிலிருந்து சைக்கிளோடு மலையகம் போகிறவர்கள் புறப்படுமுன் ஒரு கணக்குப் போடுவார்கள். ஏற வேண்டிய உயரத்தை, ஒரு மணி நேரத்தில் தங்களால் ஏற முடிகிற செங்குத்து மீட்டரால் வகுப்பார்கள். 1,400 மீட்டர் ஏற வேண்டும், ஏறு வேகம் மணிக்கு 750 மீட்டர் என்றால், ஒரு மணி 52 நிமிடம். வகுத்தலில் பிழை இல்லை. அதில் போடுகிற எண்கள்தான் பிழைக்கின்றன.

முதல் பிழை, ஏறு வேகத்தை அளக்கும் இடம். எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் பிரட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதைதான். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவ்வளவு நேரத்துக்கு உடல் தன் கையிருப்பையும் சேர்த்துச் செலவழிக்கும். மணிக்கணக்கில் அப்படிச் செலவழிக்க முடியாது. ஏற்றம் சிறிது என்பதால் உயர அளவீட்டில் ஐந்து மீட்டர் பிசகினாலே விடை நன்றாக மாறிவிடும். அதனால் இடைவிடாமல் அரை மணி நேரமாவது ஏறும் பாதையில் அளந்த எண்ணை எடுங்கள். மகியங்கனைப் பக்கமிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவுப் பாதை இதற்கு நல்லது. மூச்சு வாங்காமல் ஒரு வசனம் பேச முடிகிற வேகத்தில் ஏறி அளக்க வேண்டும்.

இரண்டாவதுதான் பெரிய பிழை. ஏறு வேகம் ஆளுக்கு மட்டும் உரிய எண் அல்ல, சாய்வுக்கும் உரியது. சாய்வு குறையக் குறைய சைக்கிள் முன்னோக்கி வேகமாக ஓடும். மிதிக்கிற சக்தியில் கூடுதல் பங்கு காற்றைத் தள்ளவும் சில்லு உருளவும் போய்விடும், உயரம் ஏற மிஞ்சுவது குறையும். ஆளும் சைக்கிளும் பொதியும் சேர்ந்து 80 கிலோ, சில்லில் 180 வாட் சக்தி என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், 8 சதவீதச் சாய்வில் மணிக்கு ஏறத்தாழ 750 மீட்டர் ஏறலாம். அதே உழைப்பில் 4 சதவீதத்தில் 645, 2 சதவீதத்தில் 455 தான் வரும். செங்குத்தான பாதையில் அளந்த எண்ணை நீளமான மெல்லிய ஏற்றத்துக்குப் போட்டால், வரும் நேரம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையை எடுப்போம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையில் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,400 மீட்டர், தூரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மேலே வந்த ஒரு மணி 52 நிமிடத்தால் தூரத்தை வகுத்துப் பாருங்கள். மணிக்கு 29 கிலோமீட்டர்! மலை ஏறிக்கொண்டு அந்த வேகத்தில் யார் போகப் போகிறார்கள்? எந்த விடை வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், பிழை உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, இரண்டு ஊரின் உயரத்தையும் கழித்து வந்ததையே மொத்த ஏற்றமாக எடுப்பது. இந்தப் பாதை புசல்லாவை வரை ஏறி, கொஞ்சம் இறங்கி, றம்பொடையிலிருந்து மறுபடி ஏறுகிறது. இறங்கிய உயரத்தைத் திரும்ப ஏற வேண்டும். பாதையை ஏற்றம், சமதரை, இறக்கம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 40 கிலோமீட்டர் 4 சதவீத ஏற்றம், 7 கிலோமீட்டர் சமதரை, 8 கிலோமீட்டர் இறக்கம், இறங்குவது 200 மீட்டர். ஏற வேண்டியது 1,600 மீட்டர் ஆகிவிட்டது. அதை 645 ஆல் வகுத்தால் இரண்டரை மணி. சமதரைக்கு மணிக்கு 28 கிலோமீட்டர் என்று 15 நிமிடமும், வளைவுகளில் பிரேக் பிடித்து இறங்க இன்னொரு 14 நிமிடமும் போட்டால், மொத்தம் மூன்று மணிக்கு ஒட்டி வரும். உண்மையான பிரிப்பை வரைபடச் செயலியின் உயரக் கோட்டில் பார்த்துப் போடுங்கள். ஆனால் செயலி தரும் மொத்த ஏற்றத்தை அப்படியே நம்பவேண்டாம். மலைச்சரிவில் செதுக்கிய பாதையில் புள்ளி சில மீட்டர் விலகினாலும் சரிவின் உயரத்தை எடுத்துக்கொண்டு, இல்லாத ஏற்றத்தைக் கூட்டிவிடும்.

அப்புறம், ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்த வேகம் மூன்று மணி நேரம் நிற்காது. கடைசிப் பகுதியில் உயரம் கூடுவதால் மூச்சும் சற்றுக் குறையும். ஏறு வேகத்தில் பத்திலொன்றைக் குறைத்துவிட்டால், ஏற்றத்துக்கு மட்டும் இன்னும் கால் மணி நேரம் கூடும். தண்ணீர் நிரப்ப, தேநீர் குடிக்க நிற்கும் நேரத்தை இதில் கலக்காமல் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நிற்பதாக இருந்தால், காலை ஏழுக்குக் கம்பளையை விட்டவர் பதினொன்றுக்குச் சற்று முன்பு நுவரெலியாவில் இருப்பார்.