நூலக நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதம்: ரசீதுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய எங்கள் ஊரின் நூலகத்துக்கு ஓடு மாற்றவும், அலமாரியும் தமிழ்ப் புத்தகங்களும் வாங்கவும் நிதி திரட்டியபோது, 163 பேர் சேர்ந்து 1,86,400 ரூபாய் தந்தார்கள். குழுவின் செயலாளர் என்ற முறையில் நன்றிக் கடிதத்தை நான் எழுதினேன். பழைய கடிதம் ஒன்றை எடுத்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் அச்சடித்துக் கொடுத்தோம். அதைப் பெற்றவர்கள் சொன்ன குறைகளைக் கேட்ட பிறகு, கடிதத்தை முழுவதுமாக மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. நாங்கள் செய்த பிழைகளை இங்கே எழுதுகிறேன்.

பெரிய பிழை பெயரில் நேர்ந்தது. இப்போது பாதிக்கு மேற்பட்ட தொகை யுபிஐ வழியாகத்தான் வருகிறது. வங்கிக் கணக்கில் தெரிவது யாருடைய கைபேசியோ அவருடைய பெயர். எங்கள் ஊரில் ஒரு மூதாட்டி, கடலை பறிக்கப் போன கூலியில் மிச்சம் பிடித்த 500 ரூபாயை மகனிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். மகன் தன் கைபேசியில் செலுத்தினார். நன்றிக் கடிதம் திருப்பூரில் வேலை செய்யும் மகனின் பெயருக்குப் போயிற்று. சில நாள் கழித்து அந்த அம்மா நூலகத்துக்கே வந்து, "என்ற பணம் வந்துச்சுங்களா சாமி?" என்று கேட்டார். நாங்கள் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்திருக்காது. யுபிஐ தொகை வந்த அன்றே, "இது யார் பெயரில் ரசீது போட வேண்டும்?" என்று அனுப்பியவரிடம் கேட்டு ரசீது எழுதிவிடுவதே இதற்குத் தீர்வு.

எல்லைப்புறத்தில் பெயரை எழுதும் முறையிலும் சிக்கல் உண்டு. மலையாளத்தில் படித்தவர்கள் பலர் தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவார்கள். நாம் முன்னால் போடுவோம். வங்கிக் கணக்கிலோ பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். அதில் வள்ளியும் வல்லியும் ஒன்றுபோலவே தெரியும். பட்டியலைப் பார்த்து நாமாகத் தமிழில் மாற்றினால், ஐம்பது ஆண்டுகளாக ஒருவர் எழுதிவரும் பெயரை நாம் தவறாக எழுதிவிடுவோம். ரசீதில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைப் பார்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அவரிடமே கேளுங்கள்.

மொழியையும் கவனிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாள வழியில் படித்ததால் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாத இளைஞர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்க் கடிதம் மட்டும் கொடுத்தால், அதைப் படிக்க அப்பாவின் உதவி தேவைப்படும். நாங்கள் இரண்டாம் முறை கடிதத்தின் ஒரு பக்கத்தில் தமிழும் மறு பக்கத்தில் மலையாளமும் அச்சடித்தோம். மலையாளப் பக்கத்தை மலையாள ஆசிரியர் ஒருவரே நேரடியாக எழுதிக் கொடுத்தார்.

அடுத்து, கணக்கைப் பற்றிய மௌனம். "தங்களின் பேராதரவால் நூலகம் புதுப்பொலிவு பெற்றது" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தோம். பணம் கொடுத்தவருக்கு அந்த வரியில் எந்தச் செய்தியும் இல்லை. நாங்கள் கேட்ட தொகை இரண்டரை லட்சம். வந்தது அதைவிடக் குறைவு. அந்தக் குறைவைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிட்டோம். ஆனால், வாசிப்பு மேசை வாங்குவதாகத் துண்டறிக்கையில் படித்தவர்கள் நூலகத்துக்கு வந்து மேசையைக் காணாமல், பணம் எங்கே போயிற்று என்று தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். இரண்டாம் கடிதத்தில் அந்தப் பகுதியை இப்படி மாற்றினோம்:

"மதிப்பிற்குரிய வள்ளியம்மாள் அவர்களுக்கு, மார்ச் 8 அன்று 114ஆம் எண் ரசீதில் தாங்கள் தந்த 500 ரூபாய் கிடைத்தது. நாம் கேட்டது 2,50,000 ரூபாய்; வந்தது 1,86,400 ரூபாய். ஓடு மாற்ற 78,000 ரூபாயும், நான்கு இரும்பு அலமாரிகளுக்கு 46,000 ரூபாயும், தமிழ்ப் புத்தகங்களுக்கு 52,300 ரூபாயும் செலவாயிற்று. மீதி 10,100 ரூபாய் நூலகத்தின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. வாசிப்பு மேசைகளை இந்த ஆண்டு வாங்க இயலவில்லை. கணக்கேடும் பற்றுச்சீட்டுகளும் நூலகத்தில் உள்ளன. தாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்."

கடிதத்தில் போடும் தொகை கணக்கேட்டுத் தொகையோடு ஒரு ரூபாயும் மாறக்கூடாது. கேரள மாநில நூலக கவுன்சிலில் இணைந்த நூலகங்கள் கவுன்சிலிடமும் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், கடிதத்தில் ஒரு தொகையும் ஏட்டில் ஒரு தொகையும் இருந்தால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். பழைய புத்தகம் கொடுத்தவர்களும், கூலி வாங்காமல் ஓடு ஏற்றியவர்களும் ரசீதுப் புத்தகத்தில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தனிக் குறிப்பேடு வைக்காததால், முதல் முறை அவர்கள் ஒருவருக்கும் எங்கள் கடிதம் போகவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடிதத்தோடு நன்கொடையாளர் பட்டியலையும் இணைப்பது வழக்கம். தொகை அதிகமானவர் மேலேயும் குறைந்தவர் கீழேயும் வருமாறு பட்டியலிட்டால், நூறு ரூபாய் தந்தவர் நான்காம் பக்கத்தின் அடியில் தன் பெயரைத் தேட வேண்டும். ஒரு நாள் கூலியில் நூறு ரூபாய் எவ்வளவு பெரிய பங்கு என்பது பட்டியல் போடும் நமக்குத் தெரியும். ரசீது எண் வரிசையில், தொகையைக் குறிப்பிடாமல் பெயர்களை மட்டும் போடுவதே முறை. பெயர் வேண்டாம் என்றவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோமா என்று அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரிவிலக்கு பற்றி ஒரு வரி சேர்க்கும் ஆசை எழும். 80ஜி என்று மக்கள் வழக்கில் சொல்லப்படும் அந்தச் சலுகை, அதற்கென வருமான வரித்துறையிடம் ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். ஒப்புதல் இல்லாத நூலகக் குழு "வரிவிலக்கு உண்டு" என்று எழுதினால், அதை நம்பிக் கணக்குக் காட்டியவர் சிக்கலில் மாட்டுவார். வளைகுடாவில் வேலை செய்யும் ஊர்க்காரர், இந்தியக் குடியுரிமையோடு இருந்து தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பியது வெளிநாட்டு நன்கொடை ஆகாது; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகிவிடும், அதைப் பெற மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நன்றி எழுதும் நேரத்தில் இதைக் கண்டுபிடிப்பது காலம் கடந்த செயல். பணம் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

நன்றிக் கடிதத்தின் அடியில் க்யூஆர் குறியீடு போட்டு அடுத்த நன்கொடை கேட்காதீர்கள். மேசைக்குப் பணம் வேண்டுமென்றால், சில மாதம் கழித்துத் தனியாகக் கேட்கலாம்.

இனி, நாள். எங்கள் வசூல் மார்ச்சில் முடிந்தது. கேரள நூலக இயக்கத்தின் முன்னோடியான பி. என். பணிக்கர் நினைவாக ஜூன் 19 அன்று கேரளத்தில் வாசிப்பு தினம் கொண்டாடுவதால், அன்றைய விழாவில் கடிதம் கொடுக்கலாம் என்று காத்திருந்தோம். அந்த மூன்று மாத இடைவெளியில் ஐயம் வளர்ந்துவிட்டது. இப்போது வசூல் முடிந்த இரண்டு வாரத்துக்குள், தொகை கிடைத்த செய்தியைச் சொல்லும் நான்கு வரிக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறோம். வேலை முடிந்த பிறகு கணக்குக் கடிதம் போகிறது. உறையில் போடுமுன் ஒருவர் கடிதத்திலுள்ள பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்க, இன்னொருவர் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறியிடுகிறார். 163 கடிதங்களுக்கு இது ஒரு மாலைப்பொழுது வேலை.