கர்ப்பப்பை வாய் நீளம்: அளப்பதிலும் படிப்பதிலும் வரும் தவறுகள்

முதல் கர்ப்பம், 20 வாரம் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனில் கர்ப்பப்பை வாய் 34 மி.மீ. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, இன்டர்னல் ஸ்கேனில் அளந்தால் 19 மி.மீ. அந்தப் பத்து நிமிடத்தில் வாய் சுருங்கிவிடவில்லை. முதல் அளவுதான் தவறு. நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதிச் சுவர்களை ஒன்றோடொன்று அழுத்துவதால், அதுவும் வாயின் பகுதிபோலவே தெரியும். குறுகிய வாயை மறைக்க இது போதும். இன்டர்னல் ஸ்கேன் என்றால் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் கருவி பிறப்புறுப்புக்குள்தான் நிற்கும், கர்ப்பப்பை வாய்க்குள் போகாது.

இன்டர்னல் ஸ்கேனிலும் சறுக்கலாம். கருவியை அழுத்திப் பிடித்தால் வாய் நீண்டு தெரியும். அதனால் படம் கிடைத்ததும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துத்தான் அளக்க வேண்டும். மேல்முனை புனல்போல் விரிந்திருந்தால், அந்தப் புனலைச் சேர்க்காமல் மூடியிருக்கும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். கர்ப்பப்பை இறுகியிருக்கும் நேரத்தில் எடுத்த அளவையும் நம்பக் கூடாது. சில நிமிடம் பொறுத்து மூன்று முறை அளந்து, தெளிவான படங்களில் எது குறைவோ அதை எடுப்பார்கள்.

சரி, 19 உறுதியாகிவிட்டது. 24 வாரத்துக்குள் 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் 'குறுகியது' என்பது வழக்கம். இதே எல்லையை 32-வது வாரத்தில் வைத்துப் பதறுவது வீண், அப்போது வாய் குறைந்துவருவது இயல்புதான். குறுகியது என்றாலே பிரசவம் தொடங்கிவிட்டது என்று பொருளல்ல. குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இப்படி இருந்தும் மாதம் நிறைந்து பெறுகிறவர்கள் ஏராளம்.

இந்தப் பெண்ணுக்கு ஒரே குழந்தை, முன்பு குறைமாதப் பிரசவமும் இல்லை. வழக்கமாகத் தருவது, இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்கும் 200 மி.கி. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரை, ஏறக்குறைய 36 வாரம் வரை. அதே மாத்திரையைக் கூச்சப்பட்டு விழுங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. பலன் நன்றாகக் காட்டப்பட்டிருப்பது உள்ளே வைக்கும் முறையில்தான், விழுங்கினால் தூக்கக் கலக்கம்தான் கூடும்.

முன்பு குறைமாதத்தில் பெற்ற ஒருவருக்கு இதே 19 வந்திருந்தால், வாயைச் சுற்றித் தையல் போடுவதைப் பற்றியும் டாக்டர் பேசுவார். இரட்டைக் குழந்தை என்றால், நீளம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகத் தையல் போடுவது வழக்கமல்ல.

'படுத்த படுக்கையாக இரு' என்ற அறிவுரை மட்டும் இன்னும் ஓயவில்லை. அது பிரசவத்தைத் தள்ளிப்போடும் என்பதற்குச் சான்று இல்லை. மாறாக, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம், தசை தளரலாம். அதைவிட, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், ரத்தக்கசிவு, நீர் கசிவு இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போவதுதான் முக்கியம்.