எழுத்துப் பரீட்சையில் ‘யார் முதலில் போகலாம்?’ என்ற கேள்வியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

கொழும்பில் வளர்ந்தவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் வழியுரிமைக் கேள்விகளில் தவறவிடுவதற்கு முதல் காரணம், வீதியைப் பார்த்தே இராதது இல்லை, அளவுக்கு அதிகமாகப் பார்த்துவிட்டதுதான். சின்ன வயதிலிருந்து பஸ்ஸிலும் த்ரீவீலரிலும் காலி வீதியில் போய் வந்தவருக்கு, பெரிய வாகனம் வந்தால் சின்னது ஒதுங்கும், மூக்கை முதலில் நுழைத்தவர் போய்விடுவார், லைட் அடித்தால் ‘நான் வருகிறேன், நில்’ என்று அர்த்தம் என்பதெல்லாம் கேட்காமலே மனதில் பதிந்திருக்கும். வினாத்தாளில் படத்தைப் பார்த்ததும் அந்த அனுபவம்தான் முதலில் பேசும். படத்தில் ஒரு பஸ், ஒரு கார், ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால், கை தானாக பஸ்ஸுக்குப் போகிறது. பல நேரம் அது சரியான விடையாகவும் அமைந்துவிடும், அதனால்தான் அடுத்த கேள்வியில் ஏமாறுவோம்.

வாகனத்தின் அளவும், யார் முதலில் வந்து சேர்ந்தார் என்பதும், லைட் அடிப்பதும் இந்தக் கேள்விகளுக்கு விடை தருவதில்லை. விடை தருவது, எந்த வாகனம் யாருடைய பாதையைக் குறுக்கே வெட்டுகிறது, அப்படி வெட்டுகிறவர் எந்த வீதியிலிருந்து வருகிறார் என்ற இரண்டும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் ‘யார் போகலாம்’ என்று தேட வேண்டியதில்லை, ‘யார் காத்திருக்க வேண்டும்’ என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வரலாம். கடைசியில் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாமல் மிஞ்சுகிறவர்தான் முதலில் போவார்.

ஒரு சந்தியை எடுத்து முழுதாகப் பார்ப்போம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கை. அங்கே கலர் லைட் இல்லை, பொலிஸ்காரர் இல்லை, நடுத்தடுப்பும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வரும் ஒரு கார் வலப்பக்கம் திரும்பி அந்த ஒழுங்கைக்குள் போகப் பார்க்கிறது. தெஹிவளைப் பக்கமிருந்து ஒரு பஸ் நேரே வருகிறது. ஒழுங்கையின் வாயில் ஒரு மோட்டார் சைக்கிள், வலப்பக்கம் திரும்பித் தெஹிவளைக்குப் போக நிற்கிறது. ஒழுங்கை வாயில் ‘வழிவிடு’ பலகை இருக்கிறது.

இப்போது கழிப்போம். மோட்டார் சைக்கிள் பக்க வீதியிலிருந்து பிரதான வீதிக்குள் வருகிறது, பலகையும் அதற்குத்தான். ஆகவே காலி வீதியில் வரும் இரண்டு பேருக்குமே அது காத்திருக்க வேண்டும். அடுத்தது கார். காரும் பஸ்ஸும் ஒரே வீதியில்தான் இருக்கின்றன, ஆனால் பஸ் தன் பாட்டில் நேரே போகிறது, கார்தான் பஸ்ஸின் பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. வலப்பக்கம் திரும்புகிறவர் எதிரே நேராக வருகிறவருக்கு வழிவிட வேண்டும், ஆகவே கார் காத்திருக்கும். மிஞ்சுவது பஸ். வரிசை: பஸ், கார், மோட்டார் சைக்கிள்.

பஸ் என்று தொடக்கத்திலேயே நினைத்தவருக்கும் முதல் விடை சரியாகத்தான் வந்திருக்கும். ஆனால் இதே படத்தில் ஆட்களை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள், ஒழுங்கையிலிருந்து பஸ் வருகிறது, காலி வீதியில் தெஹிவளையிலிருந்து நேராக வருவது ஒரு சைக்கிள். இப்போது சைக்கிள் முதலில், பஸ் கடைசியில். பரீட்சை எழுதுகிறவர் தடுமாறுவது இந்த இரண்டாவது படத்தில்தான்.

இன்னொன்று, ஒழுங்கையிலிருந்து வருகிற மோட்டார் சைக்கிள் வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம், பம்பலப்பிட்டிக்கு, திரும்பினால் என்ன? அப்போது அது பஸ் வரும் பக்கத்தில் மட்டும்தான் சேர்கிறது, காரின் பாதையை அது தொடுவதே இல்லை. அதனால் பஸ் போனதும் காரும் மோட்டார் சைக்கிளும் ஒரே நேரத்தில் நகரலாம். ‘மூன்று வாகனம் என்றால் மூன்று வரிசை’ என்று மனப்பாடம் செய்தவருக்கு இது குழப்பமாக இருக்கும். படத்தில் உள்ள அம்புக்குறிகளை விரலால் தொடர்ந்து பார்த்து, கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று பார்த்தவருக்குக் குழப்பமே இல்லை. காகிதத்தில் விரலை வைத்துப் பார்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை, செய்யுங்கள்.

அதே ஒழுங்கையின் வாயில் ஒரு மஞ்சள் கடவையும் வரைந்து, அதில் ஒரு அம்மா கால் வைத்திருப்பதாகப் படம் வந்தால், பஸ் போன பிறகும் கார் உள்ளே திரும்ப முடியாது. கடவையில் இருப்பவர் போய் முடிய வேண்டும். கேள்வி எழுதுகிறவர்கள் இந்தப் பாதசாரியைப் படத்தின் ஓரத்தில் சின்னதாகப் போட்டிருப்பார்கள், வாகனங்களை மட்டும் எண்ணுகிறவருக்கு அது தெரியாது.

சரி, இனி சுற்றுவட்டம். இங்கே நம் எல்லோருக்கும் தெரிந்த வாய்ப்பாடு ‘வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிடு’. வாய்ப்பாடு சரிதான், ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்ததால் அதை எல்லாச் சந்திகளுக்கும் இழுத்துப்போட்டு, பிரதான வீதியில் போகிறவரைக்கூட வலப்பக்க ஒழுங்கையிலிருந்து வருகிறவருக்காக நிறுத்திவிடுகிறார்கள். காரணம் இதுதான்: நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறோம், அதனால் சுற்றுவட்டத்தை மணிக்கூட்டுத் திசையில் சுற்றுகிறோம். அப்படியானால் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர், உள்ளே நுழையப் போகிற உங்களுக்கு எப்போதும் வலப்பக்கமிருந்துதான் வருவார். ஆகவே விதியின் உண்மையான பொருள், உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை.

ஏன் உள்ளே இருப்பவருக்கு? லிப்டன் சுற்றுவட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். நுழைகிறவருக்கு முன்னுரிமை என்று வைத்தால், ஒவ்வொரு வீதியிலிருந்தும் வாகனங்கள் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும், உள்ளே இருப்பவர் நுழைகிறவருக்காக நிற்பார், அவர் நிற்கும் இடம் பின்னால் வருகிறவர் வெளியேற வேண்டிய வாயை அடைத்துக்கொள்ளும், வெளியேற முடியாதவர் அதற்கு முந்தைய வாயை அடைப்பார். கொஞ்ச நேரத்தில் முழு வட்டமும் பூட்டிக்கொள்ளும். இது வெறும் கற்பனை இல்லை, பிரித்தானியாவில் ஒரே சீரான விதி இல்லாத காலத்தில் சுற்றுவட்டங்கள் உண்மையாகவே இப்படிப் பூட்டிக்கொண்டன, 1966 நவம்பரில்தான் உள்ளே சுற்றுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியை அங்கே நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். வெளியே நிற்பவர் காத்திருந்தால் வட்டம் காலியாகிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் இதன் தர்க்கம்.

இதைப் புரிந்துகொண்டால் டொரொன்டோவில் இருக்கும் மச்சான் அனுப்பிய பயிற்சி ஆப் ஏன் உங்களைக் கெடுக்கிறது என்பதும் புரியும். அங்கே வலப்பக்கமாக ஓட்டுகிறார்கள், சுற்றுவட்டத்தை எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள், உள்ளே இருப்பவர் இடப்பக்கமிருந்து வருவார். விதியின் காரணம் அதேதான், பக்கம்தான் வேறு.

பச்சை லைட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘பச்சை விளக்கு எரிகிறது, நீங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும், எதிரே வாகனங்கள் நேராக வருகின்றன, என்ன செய்வீர்கள்?’ பச்சை என்றால் போகலாம் என்று குறித்துவிடுவார்கள். எதிரே வருகிறவருக்கும் பச்சைதான் எரிகிறது என்பதை யோசித்தால் போதும். முழுப் பச்சை உங்களைச் சந்திக்குள் விடுகிறது, எதிரே வருகிறவரை நிறுத்துவதில்லை. வலப்பக்கத்துக்கான பச்சை அம்பு எரிந்தால்தான் அவர்களை அங்கே சிவப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். இதற்கு மேலே பொலிஸ்காரர். கொழும்பில் காலை நேரத்தில் கலர் லைட் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடுவில் பொலிஸ்காரர் நின்று கை காட்டுவதைத் தினமும் பார்க்கிறோம். அவர் கை லைட்டுக்கு மேல், லைட் பலகைக்கு மேல், பலகை பொதுவிதிக்கு மேல். ஒரு படத்தில் இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் மேலே உள்ளதை மட்டும் பார்த்து விடை எழுதுங்கள்.

வீதி அடையாளங்களில் நடக்கும் தவறு வேறு வகை. படத்தின் உள்ளே என்ன வரைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள், வெளி வடிவத்தைப் பார்ப்பதில்லை. இடப்பக்கம் வளைந்த ஓர் அம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சாய்சதுரத்துக்குள் இருந்தால் அது எச்சரிக்கை: முன்னால் வீதி இடப்பக்கம் வளைகிறது, வேகத்தைக் குறை. நீல வட்டத்துக்குள் இருந்தால் அது கட்டளை: இடப்பக்கம்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. சிவப்பு வளையத்துக்குள், மேலே ஒரு சிவப்புக் கோடு போட்டு இருந்தால் தடை: இடப்பக்கம் திரும்பக்கூடாது. அதே அம்புதான், மூன்று வடிவத்தில் மூன்று பொருள், அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிர். விடைத் தெரிவுகளில் இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொடுப்பார்கள், அம்பை மட்டும் பார்த்தவருக்கு மூன்றுமே சரியாகத் தெரியும். முதலில் வடிவம், அடுத்து நிறம், கடைசியில்தான் உள்ளே உள்ள படம்.

இங்கே தமிழில் படிக்கிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தமிழ் விளக்கம் வேண்டும் என்று யூடியூபில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டு வீடியோக்கள். அவர்களும் இடப்பக்கம் ஓட்டுவதால் வழியுரிமை விளக்கங்கள் பெரும்பாலும் பொருந்தும், அதில் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் இந்தியாவில் எச்சரிக்கைப் பலகை சிவப்புக் கரை போட்ட முக்கோணம், நமக்கு மஞ்சள் சாய்சதுரம். முக்கோணம் என்றால் எச்சரிக்கை என்று அங்கே படித்தவர், இங்கே தலைகீழ் முக்கோணத்தைப் பார்த்ததும் அதையும் எச்சரிக்கை என்று எழுதிவிடுவார். அது ‘வழிவிடு’, அதாவது கட்டாயம்.

‘வழிவிடு’ பலகையையும் எண்கோண ‘நில்’ பலகையையும் ஒன்றாக நினைப்பதும் அதிகம். ‘வழிவிடு’ என்றால் பிரதான வீதி காலியாக இருக்கும்போது நிற்காமல் மெதுவாக நுழையலாம். ‘நில்’ என்றால் வீதி எவ்வளவு காலியாக இருந்தாலும் சில்லு முழுதாக நிற்க வேண்டும், கோட்டுக்கு முன்னால். ‘நில்’ பலகையைப் பொதுவாக மதிலோ கட்டடமோ பார்வையை மறைக்கிற சந்திகளில் வைப்பார்கள், அங்கே உருண்டுகொண்டே எட்டிப் பார்த்தால் வருகிற வாகனம் தெரியும்போது உங்கள் பொனட் ஏற்கெனவே அதன் பாதையில் இருக்கும். ‘வாகனம் எதுவும் வராவிட்டால்’ என்று தொடங்கும் விடைத் தெரிவு ‘நில்’ பலகைக்கான கேள்வியில் வந்தால், அதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைசி வரை வாசியுங்கள்: ‘நிற்காமல் செல்லலாம்’ என்று முடிந்தால் பிழை, ‘முழுதாக நிறுத்திய பின் செல்லலாம்’ என்று முடிந்தால் சரி.